'ஐ விஷ் ஐ வாஸ்': சிவப்பு மை விழ வேண்டிய இடம் எது?

பக்கத்து வீட்டுப் பெண் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஆங்கில விடைத்தாளோடு வந்து நின்றாள். ஒரு கட்டுரையில், தான் இன்னும் கொஞ்சம் உயரமாக இருக்கக் கூடாதா என்ற ஏக்கத்தை எழுதியிருந்தாள். 'ஐ விஷ் ஐ வாஸ் டாலர்' என்பது அவள் வாக்கியம். 'வாஸ்' மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் 'வெர்' என்று திருத்தம். அரை மதிப்பெண் போயிருந்தது.

"ஐயா, நான் ஒருத்தி தானே? ஒருமைக்கு 'வாஸ்'னு தானே சொல்லிக் கொடுத்தீங்க? அப்புறம் எப்படி 'வெர்' வரும்?" என்று கேட்டாள்.

முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 'இஃப் ஐ வெர் எ பேர்ட்', அதாவது 'நான் பறவையாக இருந்தால்' என்று நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக எழுத வைக்கிறோம். அந்த 'வெர்' அங்கே ஏன் வந்தது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. 'அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ' என்பதோடு பாடம் முடிந்துவிடும். மனப்பாடம் செய்த பிள்ளை, வரக்கூடாத இடத்திலும் அதைக் கொண்டுபோய் வைக்கும். அதனால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில்.

'நான்' என்பதோடு வரும் அந்த 'வெர்', பன்மைச் சொல் ஒருமையில் வந்து உட்கார்ந்ததல்ல. பிறப்பிலேயே அது வேறு சொல்.

ஆயிரம் வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் பேசிய பழைய ஆங்கிலத்தில், 'இருந்தான்' என்று நடந்ததைச் சொல்ல ஏறக்குறைய 'வாஸ்' என்று ஒலிக்கும் சொல் இருந்தது. 'இருந்தார்கள்' என்பதற்கு 'வாரொன்' என்ற சொல். இவை இரண்டும் போக மூன்றாவதாக ஒன்று, 'வாரெ'. நடந்ததைச் சொல்லாமல், 'இருந்தால்', 'இருக்கக் கூடாதா' என்று மனத்தால் நினைப்பதைச் சொல்லும்போது ஒருமையில் வருவது அது. நினைப்பையும் ஏக்கத்தையும் சொல்லும் இந்த வினை வடிவத்துக்குத்தான் 'சப்ஜங்டிவ்' என்று பெயர்.

நூற்றாண்டுகள் போகப் போக ஆங்கிலச் சொற்களின் கடைசி அசைகள் தேய்ந்தன. 'வாரொன்' தன் வாலை இழந்தது. 'வாரெ'யும் இழந்தது. வால் போன பிறகு இரண்டும் ஒரே சொல்லாகக் காதில் விழுந்தன. இன்று நாம் எழுதும் 'வெர்' அதுதான். ஒரே தோற்றத்தில் இரண்டு வேறு சொற்கள் நிற்கின்றன. 'அவர்கள் இருந்தார்கள்' என்பதில் வருவது பழைய பன்மை. 'நான் பறவையாக இருந்தால்' என்பதில் வருவது பழைய நினைப்பு வடிவம்.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனைப் பார்க்கலாம். அங்கே இந்த மூன்றும் இன்னும் பிரிந்தே இருக்கின்றன. 'இருந்தான்' என்பதற்கு 'வார்', 'இருந்தார்கள்' என்பதற்கு 'வாரன்', 'இருந்தால்' என்பதற்கு 'வேர'. ஜெர்மன் பிள்ளை யாரும், ஒருமையில் ஏன் பன்மை வந்தது என்று கேட்பதில்லை. அங்கே அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

பழைய ஆங்கிலத்தில் இந்த வடிவம் எல்லா வினைகளுக்கும் இருந்தது. பாடினான் என்பதற்கு ஒன்று, பாடினால் என்பதற்கு இன்னொன்று. வால்கள் தேய்ந்தபோது மற்ற வினைகளில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 'எனக்கு ஒரு வீடு இருக்கக் கூடாதா' என்பதற்கு 'ஐ விஷ் ஐ ஹேட் எ ஹவுஸ்' என்கிறார்கள். நேற்று வீடு இருந்தது என்று சொல்லவும் அதே 'ஹேட்' தான். 'ஐ விஷ் ஐ நியூ' என்பதில் வரும் 'நியூ'வும் அப்படியே. இருத்தலைச் சொல்லும் 'பி' என்ற ஒரே வினையில், அதுவும் நான், அவன், அவள், அது என்ற இடங்களில் மட்டும், பழைய வேறுபாடு பிழைத்து நிற்கிறது. ஓர் ஊரே வெள்ளத்தில் போன பிறகு ஒரு வீடு மட்டும் தப்பியதைப் போல.

ஆக, வாஸ் வெர் சண்டை முழுவதும் இந்த ஒற்றை வீட்டைப் பற்றியதுதான்.

அந்த வீட்டையும் மக்கள் பேச்சு விட்டுவைக்கவில்லை. மற்ற எல்லா வினைகளிலும் சாதாரண இறந்தகாலமே நினைப்பைச் சொல்லப் போதுமாக இருக்கும்போது, இந்த ஒன்றுக்கு மட்டும் தனி வடிவம் எதற்கு? 'ஹேட்' போதும், 'நியூ' போதும் என்றால் 'வாஸ்' மட்டும் ஏன் போதாது? யாரும் உட்கார்ந்து இப்படி யோசிக்கவில்லை. ஆனால் நாக்கு தானாக அந்த வழியில் போனது. 17ஆம் நூற்றாண்டிலேயே, நன்றாகப் படித்த ஆங்கிலேயர்கள் இந்த இடங்களில் 'வாஸ்' எழுதத் தொடங்கிவிட்டார்கள். 1860-ல் நியூயார்க்கில் அச்சாகி அமெரிக்கா முழுவதும் பரவிய ஒரு பாட்டின் தலைப்பே 'ஐ விஷ் ஐ வாஸ் இன் டிக்சிஸ் லேண்ட்' என்பது. இன்றைய இளைஞர்களின் சோம்பேறித்தனம் இது என்று நினைப்பவர்கள் இந்த வருடத்தைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் தவறு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இலக்கண நூல்கள் வரிசையாக வெளிவந்தன. பிஷப் ராபர்ட் லோத் 1762-ல் எழுதியது, லிண்ட்லி மரே 1795-ல் எழுதியது ஆகிய இரண்டும் அவற்றில் மிகவும் பெயர் பெற்றவை. லத்தீன் படித்து வளர்ந்தவர்கள் உலகம் அது. லத்தீனில் நினைப்பு வடிவம் ஒவ்வொரு வினையிலும் தெளிவாக இருக்கும். ஆங்கிலத்தில் அது அழிந்துவருவதைக் காணும்போது, ஒழுங்கு குலைவதாக அவர்களுக்குப் பட்டதில் வியப்பில்லை. மிஞ்சியிருந்த 'வெர்' காப்பாற்றப்பட வேண்டிய சின்னமாயிற்று. அதை எழுதத் தெரிந்தவர் படித்தவர், தெரியாதவர் படிக்காதவர் என்ற எண்ணம் அதன்பின் பள்ளிக்கூடங்களில் வேரூன்றியது. நம் ஊருக்கு வந்து சேர்ந்த ஆங்கிலப் பாடமும் அந்த மரபின் கிளைதான்.

இதே லோத் இன்னொரு வழக்கையும் கடுமையாகக் கண்டித்தார். அன்றைக்குப் பல நல்ல எழுத்தாளர்கள், ஒருவரைப் பார்த்து 'நீ இருந்தாய்' என்று சொல்லும்போது 'யூ வாஸ்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் என்றால் 'யூ வாஸ்', பலர் என்றால் 'யூ வெர்' என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் அது படித்தவர் எழுத்திலிருந்து மறைந்துபோனது. அங்கே 'வெர்' வென்றது. ஏக்க வாக்கியத்தில் மட்டும் அந்தக் கண்டிப்பு பாதிதான் பலித்தது. எழுத்தில் 'வெர்' நின்றது, பேச்சில் 'வாஸ்' நடந்துகொண்டே இருந்தது.

1926-ல் ஹென்றி ஃபௌலர் தன் புகழ்பெற்ற ஆங்கில வழக்கு அகராதியில், சில குறிப்பிட்ட இடங்கள் தவிர சப்ஜங்டிவ் சாகும் தறுவாயில் இருப்பதாக எழுதினார். நூறு வருடம் ஆகிவிட்டது. இன்னும் சாகவில்லை. 2002-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூலில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இந்த 'வெர்' வடிவத்துக்கு 'சப்ஜங்டிவ்' என்ற பெயரையே தரவில்லை. ஒரு வினையின் இரண்டு இடங்களில் மட்டும் மிஞ்சிய வடிவத்துக்கு அந்தப் பெரிய பெயர் பொருந்தாது என்பது அவர்கள் கருத்து. நடவாததைக் குறிப்பது என்ற பொருளில் 'இர்ரியாலிஸ்' என்று தனிப் பெயர் வைத்தார்கள். பெயர் எதுவானாலும், 'வெர்' மிடுக்கான நடைக்கு உரியது, 'வாஸ்' இயல்பான நடைக்கு உரியது என்பதில் இன்றைய இலக்கண அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

பாட்டுத் தலைப்புகளிலேயே இதைக் கேட்கலாம். 1964-ல் பிராட்வே மேடையில் ஏறிய 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' நாடகத்தில், பணக்காரனாக இருந்தால் எப்படி வாழ்வேன் என்று ஏழைப் பால்காரர் பாடும் பாட்டின் தலைப்பு 'இஃப் ஐ வெர் எ ரிச் மேன்'. 2008-ல் பியோன்சே பாடியது 'இஃப் ஐ வெர் எ பாய்'. இவற்றுக்கு இடையே 1987-ல் பிரின்ஸ் தன் பாட்டுக்கு வைத்த தலைப்பு 'இஃப் ஐ வாஸ் யுவர் கேர்ள்ஃபிரண்ட்'. மூவரும் சொல்வது இல்லாத ஒன்றைத்தான். யார் சொல்வதும் யாருக்கும் புரியாமல் போகவில்லை.

ஏன் புரிகிறது என்பதுதான் எனக்கு முக்கியமான விஷயம்.

ஆங்கிலம் ஒரு காரியம் செய்கிறது. நடக்காத ஒன்றைச் சொல்ல, காலத்தை ஒரு படி பின்னுக்குத் தள்ளுகிறது. இன்று உயரமாக இல்லை என்ற ஏக்கத்தை இறந்தகாலத்தில் சொல்கிறது. நேற்று கல்யாணத்துக்குப் போகவில்லை என்ற ஏக்கத்தை அதற்கும் முந்திய காலத்தில், 'ஐ விஷ் ஐ ஹேட் கான்' என்று சொல்கிறது. இங்கே இறந்தகாலம் என்பது காலத்தைக் காட்டவில்லை. 'இது உண்மையிலிருந்து விலகி நிற்கிறது' என்ற தூரத்தைக் காட்டுகிறது.

தமிழருக்கு இது விநோதமாக இருக்க வேண்டியதில்லை. 'நாளை மழை பெய்தால்' என்கிறோம். நாளை நடக்க வேண்டிய காரியம். ஆனால் 'பெய்தால்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'பெய்தது', 'பெய்தான்' என்பவற்றில் இருக்கும் அதே இறந்தகால அடி உள்ளே இருக்கிறது. 'வந்தால்' என்பதில் 'வந்தான்' என்பதன் அடி. 'போனால்' என்பதில் 'போனான்' என்பதன் அடி. நடக்காததைச் சொல்ல நடந்ததன் உருவத்தை நாமும் எடுத்துக்கொள்கிறோம். வகுப்பில் இதைக் காட்டினால், ஏக்கத்துக்கு ஏன் இறந்தகாலம் என்ற கேள்வி பாதி கரைந்துவிடும். இத்தனை வருடத்தில் நான் சொன்ன எந்த விளக்கமும் இந்த ஒன்றைப் போலப் பிள்ளைகள் மனத்தில் பதிந்ததில்லை.

இப்போது 'ஐ விஷ் ஐ வாஸ் டாலர்' என்ற வாக்கியத்துக்குத் திரும்பலாம். 'விஷ்' என்ற சொல் வந்தவுடனேயே, பின்னால் வருவது இல்லாத ஒன்று என்று தெரிந்துவிடுகிறது. நம் 'இருக்கக் கூடாதா' போல, அந்தச் சொல்லே ஏக்கத்தைச் சொல்லிவிடுகிறது. அடுத்து வரும் இறந்தகாலம் அதை உறுதி செய்கிறது. அதற்குப் பிறகு 'வாஸ்' வந்தாலும் 'வெர்' வந்தாலும் பொருளில் ஒரு மயிரிழை மாற்றமும் இல்லை. அந்தப் பெண் உண்மையில் உயரமாக இருந்தாள் என்று அந்த வாக்கியத்தை யாராலும் படிக்க முடியாது. ஏக்க வாக்கியத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வேட்டிக்கும் பேண்ட்டுக்கும் உள்ள வேறுபாடு. எந்த இடத்துக்கு எது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதைப் பொருள் பிழை என்று சொல்வது சரியல்ல.

இன்னொரு சான்றும் இருக்கிறது. 'அவன் இந்நேரம் படுத்திருக்க வேண்டும்' என்பதை ஆங்கிலத்தில் 'இட்ஸ் டைம் ஹி வாஸ் இன் பெட்' என்பார்கள். அவன் இன்னும் படுக்கவில்லை. இதுவும் நடக்காத ஒன்றுதான். ஆனால் இங்கே 'வாஸ்' தான் வழக்கம். இலக்கணம் பார்ப்பவர்கள்கூட இங்கே 'வெர்' கேட்பதில்லை. நடவாததை 'வாஸ்' சொல்லாது என்பது உண்மையானால், இந்த வாக்கியம் எப்படி இத்தனை காலம் யார் கண்ணையும் உறுத்தாமல் நடந்துவந்தது?

'இஃப்' வாக்கியங்களில் கதை வேறு. அங்கே இரண்டுக்கும் உண்மையாகவே வேலை இருக்கிறது. சிவப்பு மை விழ வேண்டிய இடமும் அங்கேதான் இருக்கிறது.

என் பழைய மாணவர் ஒருவர். பெரிய நிறுவனம் ஒன்றில் வேலை. கிடங்கில் சரக்கு காணாமல் போனதைப் பற்றி வெளிநாட்டுக் காப்பீட்டு அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அன்றிரவு கிடங்கு பூட்டியிருந்ததா இல்லையா என்பது இவருக்கே தெரியாது. விசாரணை நடந்துகொண்டிருந்தது. 'அன்றிரவு கிடங்கு பூட்டியிருந்ததென்றால், சாவி காவலாளியிடம் இருந்திருக்க வேண்டும்' என்பது அவர் சொல்ல நினைத்தது. முதலில் சரியாகவே, 'இஃப் த வேர்ஹவுஸ் வாஸ் லாக்ட் தட் நைட்' என்று எழுதினார். பிறகு பள்ளிக்கூடத்து ஞாபகம் வந்தது. 'இஃப் வந்தால் வெர்' என்று எழுதி எழுதித் தேய்ந்த கை. 'வாஸ்' என்பதை அடித்து 'வெர்' ஆக்கி அனுப்பிவிட்டார்.

பதில் வந்தது: "கிடங்கு பூட்டப்படவில்லை என்று ஒப்புக்கொள்கிறீர்களா?"

மறுமுனையில் இருந்தவர் கண்ணில் அந்த 'வெர்' சொன்னது, 'பூட்டியிருக்கவில்லை, ஒருவேளை பூட்டியிருந்தால்' என்பதை. வாக்கியத்தின் மற்ற பாதி அதற்கு ஒத்துப்போகாததால் தெளிவுபடுத்தச் சொல்லிக் கேட்டார். மூன்று கடிதம் போய் வந்த பிறகு விஷயம் சீரானது. மாணவர் என்னிடம் வந்து, "ஐயா, நான் திருத்தினது தானே தப்பாப் போச்சு!" என்றார். ஆமாம். அந்தத் தவறில் எனக்கும் பங்கு இருந்தது. எங்கே 'வெர்' வரும் என்று சொல்லிக் கொடுத்த நான், எங்கே வரக்கூடாது என்பதைப் போதுமான அளவு சொல்லவில்லை.

அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கடிதம் பேசுவது முடிந்துபோன ஓர் இரவைப் பற்றி. அங்கே 'வாஸ்' தன் சொந்த வேலையை, இறந்தகாலத்தைக் காட்டும் வேலையைச் செய்கிறது. பூட்டியிருந்ததா என்பது தெரியாது. இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இதில் ஏக்கமும் இல்லை, கற்பனையும் இல்லை. 'வெர்' வைத்தால் இரண்டும் கெட்டுவிடும். நினைப்பு 'வெர்' பேசுவது இன்றைய நிலையை அல்லது பொதுவான நிலையை. அது நேற்றிரவுக்குப் போகாது. நேற்றிரவு பூட்டாமல் விட்டது உறுதியாகத் தெரிந்து, 'பூட்டியிருந்தால் திருட்டு நடந்திருக்காது' என்று சொல்ல வேண்டுமானால், 'இஃப் த வேர்ஹவுஸ் ஹேட் பீன் லாக்ட்' என்று இன்னும் ஒரு படி பின்னுக்குப் போக வேண்டும். தமிழில் நாம் 'இருந்தால்' என்பதை விட்டு 'இருந்திருந்தால்' என்று போவதைப் போல.

'வெர்' சரியாகப் பொருந்தும் வாக்கியம் வேறு மாதிரி இருக்கும். கிடங்கு இப்போது திறந்து கிடக்கிறது. நம் கண்ணெதிரே கிடக்கிறது. 'இது பூட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்' என்கிறோம். 'இஃப் இட் வெர் லாக்ட், ஐ வுட் ஸ்லீப் வெல்.' காலம் இன்று. நிலை உண்மைக்கு மாறானது. மற்ற பாதியில் 'வுட்' வருகிறது. இந்த மூன்றும் சேர்ந்த இடம்தான் 'வெர்' உட்காரும் இடம். அங்கேயும் பேச்சு வழக்கில் 'வாஸ்' வருவதைத் தடுக்க முடியாது, தடுக்க வேண்டியதும் இல்லை. 'வுட்' என்ற சொல்லே கற்பனை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எழுதும்போது சந்தேகம் வந்தால் நான் மாணவர்களுக்குச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. 'இஃப்' பகுதியைத் தமிழில் சொல்லிப் பார்த்து, அதன் பின்னால் 'ஆனால் அப்படி இல்லை' என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால், காலம் இன்றானால், 'வெர்' எழுதலாம். 'ஆனால் தெரியவில்லை' என்பது பொருந்தினால் 'வாஸ்' தான். 'நான் கடுமையாகப் பேசியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'இஃப் ஐ வாஸ் ரூட், ஐ அப்பாலஜைஸ்.' இங்கே 'ஆனால் அப்படி இல்லை' என்று சேர்த்தால் மன்னிப்புக் கேட்பதே பொய்யாகிவிடும். 'வெர்' எழுதுவது அதைத்தான் செய்யும்.

இன்னொரு பள்ளத்தில் பலர் விழுகிறார்கள். அதில் விழாமல் காப்பாற்றத் தமிழே போதும். ஆங்கிலத்தில் 'இஃப்' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. 'இருந்தால்' என்பதற்கும் அதுதான், 'இருக்கிறேனா என்று' என்பதற்கும் அதுதான். 'நான் தயாரா என்று அவர் கேட்டார்' என்பது 'ஹி ஆஸ்க்ட் இஃப் ஐ வாஸ் ரெடி'. இதில் நிபந்தனை இல்லை, கற்பனை இல்லை. வெறும் கேள்வி. ஆனால் 'இஃப்' என்ற சொல்லைக் கண்டவுடன் 'வெர்' போடுபவர்களை நான் செய்தித்தாளிலும் பார்த்திருக்கிறேன், மேடையிலும் கேட்டிருக்கிறேன். தமிழில் 'ஆ என்று' வரும் இடத்தில் 'வெர்' ஒருபோதும் வராது. ஆங்கிலம் ஒரே சொல்லில் கலந்துவைத்ததை நம் மொழி பிரித்தே வைத்திருக்கிறது. அந்தப் பிரிவை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம்.

'வெர்' மட்டுமே வரும் இடங்களும் இருக்கின்றன. அவை மிகச் சில. 'இஃப்' என்ற சொல்லை விட்டுவிட்டு வினையை முன்னால் கொண்டுவந்து, 'வெர் ஐ இன் யுவர் பிளேஸ்' என்று தொடங்கும் வாக்கியத்தில் 'வாஸ்' நுழைய முடியாது. 'ஒரு விதத்தில் சொன்னால்' என்ற பொருளில் வரும் 'ஆஸ் இட் வெர்' என்ற தொடர் உறைந்துபோன ஒன்று. அதையும் மாற்ற முடியாது. 'உன் இடத்தில் நான் இருந்தால்' என்று புத்தி சொல்லும் 'இஃப் ஐ வெர் யூ' என்பதில் 'வாஸ்' சிலர் பேச்சில் வரும் என்றாலும், 'வெர்' இன்னும் பலமாக நிற்கிறது. மனு, ஆராய்ச்சிக் கட்டுரை, வேலைக்கு விண்ணப்பம் போன்றவற்றில் ஏக்க வாக்கியத்துக்கும் 'வெர்' எழுதுவதே நல்லது. படிப்பவர் பழைய மரபில் வளர்ந்தவராக இருந்தால், 'வாஸ்' அவர் கண்ணில் உறுத்தும். உறுத்தாமல் எழுதுவது எழுதுபவருக்கு லாபம்.

நம் பிள்ளைகளின் ஏக்க வாக்கியங்களில் உண்மையான பிழைகள் எவை என்பதையும் சொல்ல வேண்டும். 'எனக்கு வேலை கிடைக்க வேண்டும்' என்று நினைத்து 'ஐ விஷ் ஐ வில் கெட் எ ஜாப்' என்று எழுதுகிறார்கள். 'விஷ்' என்ற சொல்லுக்கு 'விரும்புகிறேன்' என்று மட்டும் மனப்பாடம் செய்ததன் விளைவு அது. நடக்கக்கூடிய ஒன்றை எதிர்பார்த்தால் அங்கே 'ஹோப்' வர வேண்டும். 'விஷ்' என்பது நம்பிக்கையைச் சொல்லாது, இல்லாததைத்தான் சொல்லும். அடுத்த பிழை, காலத்தை விட்டுவிடுவது. நேற்றைய கல்யாணத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஐ விஷ் ஐ வெர் தேர் எஸ்டர்டே' என்று எழுதுவார்கள். 'வெர்' போட்டதால் ஆசிரியர் சரி என்று குறி போட்டுவிடுவார். ஆனால் அங்கே வேண்டியது 'ஹேட் பீன்'. 'வாஸ்' எழுதிய பிள்ளைக்கு அரை மதிப்பெண் போகிறது, காலத்தையே தவறவிட்ட பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைக்கிறது. என் கண்ணால் பார்த்த விடைத்தாள்களில் இது ஒருமுறை அல்ல, பலமுறை நடந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. கிடங்குக் கதையை மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்போ நான் எழுதினது தப்பில்லையா, ஐயா?" என்றாள். "தப்பில்லை. ஆனா பரீட்சையில 'வெர்' எழுது" என்றேன். அவளுக்கு அது திருப்தியாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் இல்லை.

ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை விடைத்தாளில் 'ஐ விஷ் ஐ வாஸ்' என்று கண்டால், அடிக்காமல், பக்கத்தில் 'எழுத்து நடையில் வெர்' என்று சின்னதாக ஒரு குறிப்பு எழுதுங்கள். மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அந்தச் சிவப்பு மையை, நேற்றைய இரவைப் பற்றிப் பேசும் வாக்கியத்தில் 'வெர்' வைக்கும் இடத்துக்குச் சேமித்து வையுங்கள்.